ரெண்டு மொழி பேனல்ல கட்டடம் மாறிப்போனா என்ன பண்றது: அறிகுறி வாரியா பிழை நீக்கும் வழிமுறை

சேலம் செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கம் இருக்கற பழைய மெத்தை வீடுங்க, அப்புறம் ஏற்காட்டு பங்களாங்க, இதைப் பத்தி கண்காட்சி வைக்கறவங்களுக்கு இங்கிலீஷ் தமிழ் ரெண்டுலயும் பேனல் எழுதிக் குடுக்கறது என் வேலை. கட்டடம் வேற வேறன்னாலும் தப்பு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வருது. அதனால இதை அறிகுறி வாரியா பிரிச்சு வெச்சிருக்கேன், உங்க பேனல்ல எது தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் செலவே இல்லாத காரணம் முதல்ல, செலவு வைக்கற காரணம் கடைசில. உதாரணத்துக்கு பெரும்பாலும் ஒரே பேனலைத்தான் எடுத்திருக்கேன், மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைக்கு மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய தட்டைக் கூரையைப் பத்தின பேனல், ஏன்னா வர்ற தப்பு எல்லாமே அந்த ஒண்ணுக்குள்ளயே வந்துடும்.

அறிகுறி 1: ஒரே மரத்துக்கு நாலு பேரு, இல்லன்னா நாலு மரத்துக்கு ஒரே பேரு

எப்படித் தெரியும்னா, பார்க்க வர்றவங்க பேனலையும் கூரையையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு "இதுல உத்திரம் எதுங்க, விட்டம் எதுங்க"ன்னு கேப்பாங்க. மூணாவது பேனல்ல உத்திரம், அஞ்சாவதுல தூலம், வரைபடத்துல பீம்னு இருக்கும், இங்கிலீஷ்லயும் ஒரு இடத்துல ஜாயிஸ்ட், இன்னொரு இடத்துல ராஃப்டர்னு இருக்கும்.

*முதல்ல பார்க்க வேண்டியது: சொல் பட்டியல் இருக்கா?*

பெரும்பாலும் இருக்காது. எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு எக்செல் ஷீட் போட்டுடுங்க. உறுப்பு ஒண்ணுக்கு ஒரு வரிசை, அதுல இங்கிலீஷ் பேரு, தமிழ் பேரு, அந்த உறுப்பு தெரியற போட்டோ, அந்தப் பேரைச் சொன்னது யாரு (கொத்தனாரா, ஆசாரியா, ஆர்க்கிடெக்டா), இவ்வளவு போதும். போட்டோ கட்டம்தான் இதுல உயிர். போட்டோ இல்லாம வெறும் சொல்லுக்கு சொல்லு எழுதி வெச்சா ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் எது எதுன்னு தெரியாது. பட்டியல் இல்லாமலே எல்லாம் எழுதி முடிச்சிட்டீங்கன்னா, பேனல் மொத்தத்தையும் ஏ4ல பிரிண்ட் எடுத்து, ஒரு உறுப்புக்கு ஒரு கலர்னு ஹைலைட்டரால அடிச்சுட்டு வாங்க. ஒரே கலர்ல ரெண்டு பேரு தெரிஞ்சா அங்கதான் கோளாறு.

*அடுத்த காரணம்: சொல்லு சரி, உறுப்பு தப்பு*

ராஃப்டர்னு வர்ற இடத்துல எல்லாம் சந்தேகப்படுங்க. ராஃப்டர்னா சாய்வா போற கட்டை, தமிழ்ல கைமரம். மெட்ராஸ் டெரஸ் தட்டையான கூரை, அதுல கைமரமே கிடையாது. செவருக்கும் உத்திரத்துக்கும் நடுவுல, ஒண்ணரை அடிக்கு ஒண்ணுங்கற மாதிரி நெருக்கமா வரிசையா கிடக்கறது குறுக்குக் கட்டை, இங்கிலீஷ்ல ஜாயிஸ்ட். இங்கிலீஷ்ல எழுதினவரு ராஃப்டர்னு போட்டுட்டா, தமிழ்ல எழுதறவரு அகராதியைப் பார்த்து கைமரம்னு போடுவாரு, ரெண்டு மொழியும் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமா ஒத்துப்போகும், ஆனா கூரை மட்டும் ஒத்துப்போகாது. அதனால ரெண்டு மொழியும் ஒண்ணா இருக்குன்னு நிம்மதி ஆயிடாதீங்க, மூணாவதா கட்டடத்தோட ஒப்பிட்டே ஆகணும். இதுக்கு சோதனை ரொம்ப சுலபம், கூரைக்குக் கீழ நின்னு பாருங்க. கட்டை சாய்வா, தட்டையா? சாய்வா இருந்து மேல ஓடு இருந்தா கைமரம், அதுக்கு மேல குறுக்கா போற சின்னச் சட்டம் ரீப்பர். தட்டையா இருந்தா உத்திரமும் குறுக்குக் கட்டையும்தான். ஏற்காட்டு பங்களாக்கள்ல முன்னாடி வராண்டா சாய்வு ஓடாவும் உள்ள ஹால் தட்டை டெரஸாவும் இருக்கற வீடு உண்டு, அங்க ரெண்டு தொகுதி சொல்லுமே வேணும், ஒரே பேனல்ல கலந்துடக் கூடாது.

உத்திரம், விட்டம், தூலம் மூணும் ஊருக்கு ஊரு, ஆளுக்கு ஆளு மாறும். எது சரின்னு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரிய கட்டைக்கு ஒண்ணு, அது மேல கிடக்கற சின்னக் கட்டைக்கு ஒண்ணுன்னு முடிவு பண்ணி, முதல் பேனல்ல படத்தோட அறிமுகப்படுத்திட்டு, கடைசி வரைக்கும் மாத்தாம இருந்தா போதும். நான் பெருசுக்கு உத்திரம், சின்னதுக்கு குறுக்குக் கட்டைன்னு வெச்சுக்கறேன். குறுக்குக் கட்டைங்கறது கலைச்சொல் மாதிரி இல்லியேன்னு சிலர் தயங்குவாங்க, ஆனா பார்க்கற குழந்தைக்குக் கூட எதுன்னு புரியும், எனக்கு அது போதும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்*

கட்டைக்கு மேல இருக்கற எல்லா அடுக்கும் கீழ இருந்து தெரியாது. பேனல்ல கூரையை அடுக்கு அடுக்கா விவரிக்கப் போறீங்கன்னா, பழைய டெரஸை ரிப்பேர் பார்த்த கொத்தனார் ஒருத்தரைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. கட்டைக்கு மேல அச்சுக்கல், அதாவது சாதா செங்கல்லை விட சின்னதா மெல்லிசா இருக்கற செங்கல், அதைக் கோணவாட்டுல நெட்டுக்குத்தா நிக்க வெச்சு சுண்ணாம்புல கட்டியிருப்பாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு கட்டையால அடிச்சு இறுக்கின அடுக்கு. அதுக்கு மேல தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. இதுல எந்த அடுக்கு பின்னாடி மாத்தினது, எங்க சிமெண்ட் ஏறியிருக்குன்னு அவருதான் ஒழுகற இடத்தைப் பார்த்தே சொல்லுவாரு. கோயிலா இருந்தா கொத்தனார் போதாது, ஸ்தபதி வேணும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மாதிரி ஒரு இடத்துக்கு பேனல் எழுதறப்ப போதிகை, கபோதம், குமுதம்னு கோயில் கட்டட உறுப்புப் பேரு எல்லாம் வரும், இங்கிலீஷ்ல கோபுரத்துக்கும் டவர், விமானத்துக்கும் டவர்னு எழுதி வெச்சிருப்பாங்க. வாசல்ல நிக்கறது கோபுரம், கருவறைக்கு மேல நிக்கறது விமானம், இங்கிலீஷ் பேனல்லயும் அதே சொல்லை அப்படியே எழுதச் சொல்லுங்க. வெளியூர்க்காரங்க படத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க.

அறிகுறி 2: ரெண்டு மொழியும் ரெண்டு கட்டடத்தைச் சொல்லுது

ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் முழுசா படிச்சாத்தான் இது தெரிய வரும், அப்படிப் படிக்கற ஆளு எப்பவும் திறப்பு விழா அன்னைக்குத்தான் வருவாரு. அதனால முன்னாடியே நாமளே தேடிடணும்.

*மாடிக் கணக்கு*

இதுதான் ரொம்ப அடிக்கடி. தமிழ்ல ஒரு மாடி வீடுன்னா கீழ ஒண்ணு மேல ஒண்ணு. இங்கிலீஷ்ல ஒன் ஸ்டோரின்னா தரைத்தளம் மட்டும்தான். அப்ப நம்ம ஒரு மாடி வீடு அவங்களுக்கு டூ ஸ்டோரி. இதை அப்படியே எண்ணை மட்டும் மாத்தி எழுதினா ஒரு தளமே காணாமப் போகும் இல்லன்னா புதுசா ஒண்ணு முளைக்கும். தமிழ்ல "தரைத்தளமும் ஒரு மாடியும்"னு எழுதிடுங்க, குழப்பமே வராது.

*நூற்றாண்டு*

இங்கிலீஷ்ல எயிட்டீன் ஹண்ட்ரட்ஸ்னு இருந்தா தமிழ்ல 18ஆம் நூற்றாண்டுன்னு எழுதிடறாங்க, நூறு வருஷம் பின்னாடி போயிடுது. 1800கள்னா 19ஆம் நூற்றாண்டு. ஏற்காட்டுக்கு காபி கொண்டு வந்ததா சொல்லப்படற கலெக்டர் எம்.டி.காக்பர்ன் இங்க இருந்தது 1820கள்ல, அதாவது 19ஆம் நூற்றாண்டோட முதல் பாதி. அவரை 18ஆம் நூற்றாண்டுன்னு எழுதினா திப்பு சுல்தான் காலத்துக்குக் கொண்டு போயிடறோம். நூற்றாண்டையே எழுதாம 1820கள்னு ரெண்டு மொழியிலயும் எண்ணாவே போட்டா இந்தத் தப்பு வேரோட போயிடும்.

*அளவு*

சதுரம்னா கொத்தனார் பாஷைல நூறு சதுர அடி. பழைய ஒப்பந்தத்துலயோ வீட்டுக்காரங்க வாயாலயோ "பன்னெண்டு சதுரம் வீடு"ன்னு வந்தா அது 1,200 சதுர அடி. இங்கிலீஷ் எழுதறவரு அதை டுவல்வ் ஸ்கொயர் ஃபீட்னு எழுதினா பூஜை அறை கூட வராது. ஒரு மொழில அடி, இன்னொண்ணுல மீட்டர்னு போடறதும் வேண்டாம், ரெண்டுலயும் ஒரே அலகு. பழைய வீட்டுக்கு அடிக்கணக்குதான் சௌகரியம், கட்டினவங்க அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாங்க.

*பொருள்*

செலவு வைக்கற காரணம் இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. மூணு பொருளை மட்டும் சொல்றேன், சேலத்துல இது மூணும்தான் படுத்தும்.

முதல்ல சுண்ணாம்பு. இங்கிலீஷ்ல லைம், லைம்வாஷ், லைம் பிளாஸ்டர்னு மூணா பிரிச்சு எழுதியிருப்பாங்க, தமிழ்ல மூணையும் சுண்ணாம்புன்னு ஒரே சொல்லுல முடிச்சுடுவோம். பொருளா இருந்தா சுண்ணாம்பு, செவத்துல அடிச்சா வெள்ளையடிப்பு, பூசினா சுண்ணாம்புக் காரைன்னு பிரிச்சுக்கணும். மார்ட்டர்ங்கற சொல்லுக்கு வெறுமனே கலவைன்னு எழுதாதீங்க, இன்னைக்குப் படிக்கறவங்க மனசுல கலவைன்னா சிமெண்ட்தான் வரும், சுண்ணாம்புக் கலவைன்னு முழுசா எழுதுங்க. இதுலயே இன்னொரு பள்ளம் இருக்கு, சேலத்துக்காரங்களே விழற பள்ளம். ஊருக்குப் பக்கத்துல இருக்கற வெள்ளைக்கல் குன்றுகளுக்கு இங்கிலீஷ்ல சாக் ஹில்ஸ்னு பேரு. அதைப் பார்த்துட்டு சுண்ணாம்பு மலைன்னு தமிழாக்கி, வீட்டுக்கு சுண்ணாம்பு அங்க இருந்துதான் வந்துச்சுன்னு ஒரு வரியும் சேர்த்துடுவாங்க. அது சாக்கும் இல்ல, சுண்ணாம்புக்கல்லும் இல்ல, மேக்னசைட். நம்ம ஆளுங்க வெள்ளைக்கல்லுன்னு சொல்றதுதான் சரியான பேரு, பேனல்லயும் அதையே போடுங்க. சுண்ணாம்பு எங்க இருந்து வந்துச்சுன்னு ஆதாரம் இல்லன்னா அந்த வரியை எடுத்துடுங்க.

ரெண்டாவது கல்லு. ஏற்காட்டு பங்களா அஸ்திவாரத்துக்கு இங்கிலீஷ்ல கிரானைட்னு எழுதியிருக்கும். தமிழ்ல கிரானைட்னு போட்டா சமையல் மேடைல பளபளன்னு பதிக்கற பலகைதான் ஞாபகம் வரும். கருங்கல்லுன்னு எழுதுங்க. சேர்வராயன் மலைல இருக்கற பாறை பெரும்பாலும் சார்னோகைட், கண்டிப்பான அர்த்தத்துல அதை கிரானைட்னு சொல்ல முடியாது. அதனால இங்கிலீஷ்லயும் வெறும் ஸ்டோன்னு வெச்சா ரெண்டு பக்கமும் பொய்யில்லாம நிக்கும். பாறையோட பேரைச் சொல்லியே ஆகணும்னா ஜியாலஜி படிச்சவரு ஒருத்தரு நேர்ல வந்து கல்லைப் பார்த்துட்டு சொல்லட்டும், போட்டோவை வெச்சு எழுதாதீங்க.

மூணாவது ஓடு. சீமை ஓடுன்னு தமிழ்ல நல்லா எழுதியிருந்த ஒரு பேனலை இங்கிலீஷுக்குக் கொண்டு போனவரு, இங்கிலாந்துல இருந்து இறக்குமதி பண்ண ஓடுன்னு எழுதிட்டாரு. சீமைங்கற பேரு அதோட அச்சு, பாணி வந்த வழிக்கு, ஓடு செஞ்சது மங்களூர்ல. இங்கிலீஷ்ல மங்களூர் டைல்னுதான் வரணும். இது வெறும் பேரு பிரச்சனையா நிக்காது, காலக் கணக்கையும் சேர்த்துக் கெடுக்கும். மங்களூர்ல பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினது 1865ல. அப்ப 1820கள்ல கட்டின பங்களான்னு ஒரு வரியும், கட்டினப்ப இருந்த சீமை ஓடு அப்படியே இருக்குன்னு அடுத்த வரியும் இருந்தா, ரெண்டுல ஒண்ணு தப்பு. ஒண்ணு கட்டடம் அவ்வளவு பழசு இல்ல, இல்லன்னா ஓடு பின்னாடி மாத்தினது. இதைக் கண்டுபிடிக்க செலவே இல்ல, ஒரு ஓட்டைக் கழட்டித் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் அடில கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கும், சிலதுல வருஷமும் இருக்கும். ஏணி வெச்சு ஏறறது மட்டும் ஓடு மாத்தத் தெரிஞ்ச ஆளா இருக்கட்டும், பழைய ரீப்பர் நம்ம வெயிட்டைத் தாங்காது. அந்த அச்சை போட்டோ எடுத்து பேனல்லயே போட்டுட்டா பார்க்கறவங்களுக்கு பத்து வரி எழுதறதை விட அது பிடிக்கும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்*

ரெண்டு மொழியும் முடிஞ்சதும், இங்கிலீஷ் பேனலைப் பார்க்காத ஒருத்தர் கிட்ட தமிழ் பேனலை மட்டும் குடுத்து, படிச்சுட்டு வாயால சொல்லச் சொல்லுங்க, நீங்க இங்கிலீஷ் பிரதியைக் கையில வெச்சுக்கிட்டு கேளுங்க. எண், பொருள், யார் கட்டினாங்க, எது முதல்ல எது பின்னாடி, இது எங்க விலகுதோ அங்க கோடு போடுங்க. கோடு போட்ட வரிக்கு ஆதாரம் நம்ம கிட்ட இல்லன்னா அப்பதான் கன்சர்வேஷன் ஆர்க்கிடெக்ட்டைக் கூப்பிடணும். கல்வெட்டு வாசகம்னா கல்வெட்டு படிக்கத் தெரிஞ்சவரைத்தான் கூப்பிடணும், கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச நண்பரை இல்ல.

அறிகுறி 3: இங்கிலீஷ் பேசுது, தமிழ் அறிவிப்புப் பலகை மாதிரி நிக்குது

இங்கிலீஷ் பேனல் பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கும், தமிழ் பேனல்ல எல்லா வரியும் "அமைக்கப்பட்டுள்ளது", "காணப்படுகின்றது", "அமையப்பெற்றுள்ளது"ன்னு முடியும். சோதனை: பேனலைச் சத்தமா படிங்க. மூணு வரி தொடர்ந்து பட்டுள்ளது பட்டுள்ளதுன்னு முடிஞ்சா கோளாறு உறுதி.

*சுலபமான காரணம்: செய்தவர் யாருன்னு எழுதல*

இங்கிலீஷ்ல செயப்பாட்டு வாக்கியம் சகஜம், காதுக்கு உறுத்தாது, தமிழ்ல அதுவே கனமா வந்து விழும். மருந்து, செய்த ஆளை வாக்கியத்துக்குள்ள கொண்டு வர்றது. "கூரை கட்டைகளால் அடித்து இறுக்கப்பட்டது"ங்கறதுக்கு பதிலா, "பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து அடித்துத் தளத்தை இறுக்கினார்கள்"னு எழுதிப் பாருங்க. தகவல் அதேதான், ஆனா இப்ப கூரைல ஆளுங்க இருக்காங்க. டெரஸ் அடிச்சது பெரும்பாலும் சித்தாள் பெண்கள்தான், பல பேனல்ல அவங்க இருந்த தடயமே இருக்காது, அது எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம். இங்கிலீஷ்லயும் லேபரர்ஸ்னு மொட்டையா போடாம பெண்கள்னு எழுதச் சொல்லுங்க, ரெண்டு மொழியும் ஒரே ஆளைக் காட்டணும்.

*அடுத்தது: மரியாதை*

இங்கிலீஷ்ல கலெக்டருக்கும் ஹி, கொத்தனாருக்கும் ஹி. தமிழ்ல முடிவு பண்ணியே ஆகணும், தப்பிக்க வழி இல்ல. யோசிக்காம எழுதினா கை தானா போய் கலெக்டர் "வந்தார்", பங்களா முதலாளி "கட்டினார்", ஆசாரி "செதுக்கினான்"னு எழுதிடும். இங்கிலீஷ் படிக்கறவங்களுக்கு இல்லாத ஒரு ஏத்த இறக்கம் தமிழ் படிக்கறவங்களுக்கு மட்டும் வருது. அந்த ஆசாரியோட பேரனோ பேத்தியோ உங்க பேனல் முன்னாடி வந்து நிப்பாங்க, இது சேலம், அவங்க எல்லாம் இன்னும் இதே ஊர்லதான் இருக்காங்க. எல்லாருக்கும் ஆர் விகுதின்னு முதல்லயே முடிவு பண்ணி சொல் பட்டியலோட முதல் வரில எழுதி வெச்சுடுங்க. பழைய காகிதத்துல இருந்து மேற்கோள் காட்டறப்ப மட்டும் அதுல இருக்கற மாதிரியே விடலாம்.

*பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா*

பேனலைப் பேச்சு வழக்குல எழுதுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். செவத்துல நிக்கற எழுத்துக்கு எளிய எழுத்துத் தமிழ்தான் சரி, "இருக்கிறது", "பாருங்கள்", "கட்டினார்கள்". பேச்சு வரணும்னா வீட்டுக்காரங்க சொன்னதை மேற்கோளா, தனி எழுத்துல, அவங்க வாய்மொழியாவே போடுங்க, அந்த இடத்துல இங்கிலீஷ் பக்கமும் மேற்கோளாவே இருக்கணும். ஒரு பக்கம் பாட்டி பேசறாங்க, இன்னொரு பக்கம் ஆராய்ச்சியாளர் பேசறாருன்னு ஆயிடக் கூடாது.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்*

வாக்கியத்தைத் திருத்தித் திருத்தியும் விறைப்பு போகலன்னா, மொழிபெயர்க்கறதை நிறுத்திட்டு அந்த பேனலை முதல்ல தமிழ்ல எழுதக்கூடியவரை வெச்சு எழுதி, இங்கிலீஷை அதுல இருந்து எடுங்க. பத்து பேனல்ல ரெண்டு மூணுக்கு இது தேவைப்படும், குறிப்பா திண்ணை, முற்றம், சமையல்கட்டு மாதிரி வாழ்ந்த இடத்தைப் பத்தின பேனலுக்கு. திண்ணைக்கு வராண்டான்னு இங்கிலீஷ்ல போடற தப்பும் இப்படி எழுதினா தானா நின்னுடும், ஏன்னா வழிப்போக்கர் உக்காந்து இளைப்பாறற மேடைன்னு முதல்லயே தமிழ்ல வந்துடும், அதை வராண்டான்னு ஒத்தைச் சொல்லுல அடைக்க முடியாது.

அறிகுறி 4: பாதியிலயே நகர்ந்து போறாங்க

பேனல் முன்னாடி ஓரமா நின்னு கவனிங்க. இங்கிலீஷ் பக்கம் படிக்கறவங்க கடைசி வரி வரைக்கும் போறாங்க, தமிழ் பக்கம் படிக்கறவங்க ரெண்டாவது வரிலயே கண்ணை எடுத்துட்டு போட்டோவுக்குப் போறாங்கன்னா, அவங்களுக்குப் பொறுமை இல்லன்னு முடிவு கட்டாதீங்க, வாக்கியத்தைப் பாருங்க.

இங்கிலீஷ் வாக்கியம் கூரைன்னு முதல்ல சொல்லிட்டு அப்புறம் விவரத்தை ஒண்ணொண்ணா பின்னாடி சேர்த்துக்கிட்டே போகும். அதே வரிசைல ஒரே வாக்கியமா தமிழ்ல அடக்கினா எல்லா விவரமும் கூரைங்கற சொல்லுக்கு முன்னாடி வந்து குவிஞ்சுடும். மெட்ராஸ் டெரஸ் பேனல்ல நான் அடிக்கடி பார்க்கற மாதிரி வரி இது:

"தேக்கு மர உத்திரங்களின் மீது நெருக்கமாக அமைக்கப்பட்ட குறுக்குக் கட்டைகளின் மேல் கோணவாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கப்பட்ட மெல்லிய செங்கற்களையும், அதன்மீது சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து அடித்து இறுக்கப்பட்ட அடுக்கினையும் கொண்ட மேற்கூரையானது மெட்ராஸ் டெரஸ் என அழைக்கப்படுகிறது."

தகவல் எல்லாம் சரி, சொல் பட்டியலோடயும் ஒத்துப்போகுது. ஆனா எதைப் பத்திப் படிக்கறோம்னு கடைசிலதான் தெரியுது. நின்னுக்கிட்டு, கையில குழந்தையோட, ஒரு ஆளு இதைப் படிக்க மாட்டாரு. இதைப் பார்க்கற கண்ணோட வரிசைல, கீழ இருந்து மேல, உடைச்சு எழுதணும்:

"அண்ணாந்து பாருங்கள். பெரிய தேக்கு மரம்தான் உத்திரம். அதன் மேல் நெருக்கமாகக் கிடப்பவை குறுக்குக் கட்டைகள். கட்டைகளுக்கு இடையே கோணவாட்டில் தெரிகிற மெல்லிய செங்கல்தான் அச்சுக்கல். அதற்கு மேல் இருப்பது இங்கிருந்து தெரியாது: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம். இந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். நம் ஊரில் இப்படிக் கூரை போட்ட வீட்டை மெத்தை வீடு என்றார்கள்."

சோதனை பண்ணிக்கோங்க: எல்லா வாக்கியமும் ஒரே மூச்சுல படிக்க முடியுது, ஒரு வாக்கியத்துல ஒரு புது சொல்லுக்கு மேல இல்ல, கண்ணு எங்க போகணும்னு தெரியுது. ரெண்டாவது வடிவத்துல உத்திரம்னா என்னன்னு விளக்கம் எதுவும் எழுதல, ஆனா படிச்சு முடிச்சவங்களுக்கு உத்திரம் எதுன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப இங்கிலீஷையும் இதே வரிசைக்கு மாத்தணும், அதை விட்டுடாதீங்க. இங்கிலீஷ் எழுதினவரு தயங்குவாரு, அவரோட வாக்கியம் ஏற்கனவே நல்லாத்தான் இருக்கும், ஆனா ரெண்டு பேரு சேர்ந்து நின்னு ஒருத்தர் தமிழும் ஒருத்தர் இங்கிலீஷும் படிச்சுக்கிட்டு கையைக் காட்டிப் பேசறப்ப, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே கட்டையைக் காட்டணும் இல்லீங்களா, அதுக்குத்தான் இந்த வரிசை.

இன்னொரு காரணம் இடம். தமிழ்ல சொல்லு எண்ணிக்கை குறைவா இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் நீளம், அதோட மேல கொக்கி, கீழ சுழி எல்லாம் இருக்கறதால வரிக்கு வரி இடைவெளியும் கூட வேணும். இங்கிலீஷை முதல்ல ஓட்டிட்டு மிச்ச இடத்துல தமிழைத் திணிச்சா டிசைனர் எழுத்தைச் சின்னதாக்கிடுவாரு. டிசைனை தமிழ் வாசகத்தை வெச்சு ஆரம்பிக்கச் சொல்லுங்க, அதுக்கு இடம் போதும்னா இங்கிலீஷுக்கு தானா போதும்.

அறிகுறி 5: பிரிண்ட்ல எழுத்து உடைஞ்சு வருது

இது சுருக்கமாவே போதும். தமிழுக்கு பதிலா சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தா வருதுன்னா, முதல்ல ஃபாண்ட்டைப் பாருங்க, பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல இருக்கறதை யூனிகோடு ஃபாண்ட்டுக்கு மாத்தாமலே ஒட்டியிருப்பாங்க. ஃபாண்ட் சரியா இருந்தும் கொ, கோ, கௌ மாதிரி எழுத்துல கொம்பு இடம் மாறி நிக்குதுன்னா, இன்டிசைன்ல Adobe World-Ready Paragraph Composer தேர்வாகியிருக்கான்னு பாருங்க, அதை மாத்தினதும் பெரும்பாலும் சரியாயிடும். ஃப்ளெக்ஸ் கடைக்கு எழுத்தை கர்வ்ஸா மாத்தின பிடிஎஃப் மட்டும் குடுங்க, திறந்த ஃபைலைக் குடுத்தா அவங்க கம்ப்யூட்டர்ல அந்த ஃபாண்ட் இல்லாம மறுபடியும் உடையும். கர்வ்ஸ் ஆனதுக்கப்புறம் எழுத்தைத் திருத்த முடியாது, அதனால அதுக்கு முன்னாடியே ஒரு பேனலை முழு அளவுல ஒரு ஓரம் மட்டும் பிரிண்ட் எடுத்து, செவத்துல ஒட்டி, ஆறடி தள்ளி நின்னு படிச்சுப் பாருங்க.

அறிகுறி 6: மாட்டினதுக்கு அப்புறம் தப்பு தெரியுது

எண்ணோ பேரோ மட்டும் தப்புன்னா அதே பின்னணிக் கலர்ல ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம், ரெண்டு மொழியிலயும் ஒட்டணும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா மறுபடியும் அறிகுறி 2க்கே வந்து நிப்போம். ஒரு உறுப்போட பேரே தப்புன்னா அந்தச் சொல்லு வர்ற எல்லா பேனலையும் பட்டியல் வெச்சுத் தேடி, எத்தனை இடம்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டு மூணு இடம்னா ஸ்டிக்கர், வரைபடத்துல அம்புக்குறியோட வந்திருந்தா அந்த பேனலை மறுபடி அடிச்சே ஆகணும். கட்டடத்தோட வயசோ கட்டினவரோ தப்புன்னு தெரிஞ்சா, ஆர்க்கிடெக்ட்டோ ஆவணம் பார்க்கத் தெரிஞ்சவரோ உறுதி பண்ற வரைக்கும் அந்த பேனலைக் கழட்டி உள்ள வெச்சுடுங்க. அந்த இடத்துல போட்டோவும், அறையோட பேரை ரெண்டு மொழியிலயும் எழுதின சின்ன அட்டையும் மட்டும் இருந்தா போதும். புதுசா அடிக்கறப்ப சொல் பட்டியலையும் அன்னைக்கே திருத்தி, தேதி போட்டு, டிசைனர், கைடு, இங்கிலீஷ் எழுதறவரு மூணு பேருக்கும் அனுப்பிடுங்க, ஏன்னா கைடு வாயில பழைய பேருதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்.